கறுப்புப் பையோடு போகாதேங்கோ

பனி கரையத் தொடங்கியதிலிருந்து எங்கள் உதவிக் குழுவுக்கு ஒரே மாதிரியான வேண்டுகோள் மூன்று தரம் வந்துவிட்டது. சொற்கள் மாறும், விசயம் இதுதான்: "அம்மாவின்ர அபார்ட்மென்ட் முழுக்கச் சாமான். அவ ஒரு கிழமை வெளியில போறா. அந்த நேரம் பார்த்து ஐந்தாறு பெடியள் வந்து தூக்கித் தருவீங்களோ? வான் எங்களிட்ட இருக்கு." ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்குள் நாலைந்து பேர் கை தூக்கிவிடுகிறீர்கள். உங்கள் மனசு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த வேலைக்கு நாங்கள் போகக்கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். சமூகப்பணி முதுகலைக்கான களப்பயிற்சியை வாடகைக் குடியிருப்பாளர்களுக்கு உதவும் ஓர் அலுவலகத்தில் செய்கிறேன். அங்கே வரும் கோப்புகளில் பாதி இந்த "ஒரு கிழமை வெளியில போறா" என்ற இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

முதலில் சொல் பற்றி. ஆங்கிலத்தில் ஹோர்டிங் என்பதைத் தமிழில் "பதுக்கல்" என்று மொழிபெயர்த்து இருக்கிறதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். பதுக்கல் என்றால் விலை ஏறட்டும் என்று அரிசியையும் சீனியையும் கிடங்கில் பூட்டிவைக்கிற முதலாளியின் வேலை. அவருக்கு அதில் இலாபம் உண்டு, எப்போது விற்பது என்ற கணக்கும் உண்டு. நான் சொல்லப்போகிறவர்களிடம் இது இரண்டுமே இல்லை. அதனால் குவிப்புக் கோளாறு என்று எழுதுகிறேன், இதைவிட நல்ல சொல் கிடைத்தால் சொல்லுங்கள்.

எங்கட வீடுகளில் சாமான் சேர்கிறது புதிதில்லை. குசினி சிங்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் நூறு பிளாஸ்டிக் பைகள். ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பா என்று எடுத்தால் உள்ளே மீன் குழம்பு. பேஸ்மென்டில் ஊருக்கு அனுப்புவதற்கென்று கட்டிவைத்து மூன்று வருசமாக அனுப்பாத பெட்டி. இதைப் பார்த்து "அம்மா ஹோர்டர்" என்று ரீல் போடுகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது சாதாரணச் சாமான். அந்தக் குசினியில் சமைக்க முடிகிறது, அந்தக் கட்டிலில் படுக்க முடிகிறது. மச்சாள் வந்து "இதை எறியட்டோ" என்று கேட்டால் அம்மா முணுமுணுப்பா, பிறகு "சரி எறி" என்பா.

கோளாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இதைத் தனி நோயாகச் சேர்த்தது, அதற்கு முன் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கிளையாகத்தான் பார்த்தார்கள். அந்த விளக்கத்தில் எத்தனை சாமான் என்ற கணக்கே கிடையாது. பொருளின் உண்மையான மதிப்பு எதுவானாலும் அதை விட்டுப் பிரிய முடியாத நிலை நீண்டகாலமாக இருக்கவேண்டும், பிரிய நினைத்தாலே தாங்க முடியாத மன உளைச்சல் வரவேண்டும், வாழும் அறைகள் நிரம்பி அவை எதற்காக இருக்கின்றனவோ அதற்குப் பயன்படாமல் போயிருக்கவேண்டும். அறை அதன் வேலையைச் செய்கிறதா என்பதே கேள்வி. குளிக்கும் தொட்டியில் உடுப்பு மூட்டை, அடுப்புக்கு மேல் பேப்பர் கட்டு, கட்டிலில் ஓர் ஓரத்தில் மட்டும் உடம்பு கொள்ளும் இடம்.

பார்வைக்குப் பார்வை இது மாறும் என்பதால் ஆய்வாளர்கள் ஒரு படத் தொகுப்பு செய்திருக்கிறார்கள். குசினி, படுக்கையறை, இருக்கும் அறை ஒவ்வொன்றுக்கும் ஒன்பது புகைப்படங்கள்: முதலாவதில் வெறும் அறை, ஒன்பதாவதில் கூரை வரை குவியல். வீட்டைப் பார்த்து எந்தப் படத்துக்குக் கிட்ட என்று எண்ணைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். நாலு அல்லது அதற்கு மேல் என்றால் உதவி தேவைப்படுகிற நிலை. "வீடு நாறுது", "அவவுக்கு விசர்" என்று கதைப்பதைவிட "குசினி ஆறு, அறை ஐந்து" என்பது மரியாதையான பேச்சு. அம்மாவும் தானே தன் எண்ணைச் சொல்லலாம்.

அந்தக் கையேட்டில் என்னைப் பிடித்து நிறுத்திய ஒரு வரி உண்டு. வீடு துப்புரவாக இருந்தாலும் நோய் இல்லை என்று முடிவெடுக்காதே, உறவினரோ துப்புரவாளரோ அதிகாரிகளோ தலையிட்டதால் மட்டும் அது துப்புரவாக இருக்கலாம் என்கிறது. மற்றவர்கள் வந்து துடைத்துவிட்டுப் போவது எவ்வளவு வழக்கமான விசயம் என்றால், அதை நோயின் வரையறைக்குள்ளேயே எழுதவேண்டி வந்திருக்கிறது. துடைத்த பிறகும் நோய் அங்கேயேதான் இருக்கும்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஒரு தோழரின் பெரியம்மா. இருவரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடியதை மாற்றியிருக்கிறேன். பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, ஸ்கார்பரோவில் பதினோராம் மாடியில் ஓர் அறை வீடு, தனிய இருக்கிறா. வீட்டுக்குள் இருந்தது பெரும்பாலும் கடதாசி: தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகைகள், சூப்பர் மார்க்கட் ஃப்ளையர்கள், வங்கிக் கடிதங்கள், கோயில் நோட்டீஸ்கள். அதற்கு மேல் உடுப்பு, வெறும் மருந்துப் போத்தல்கள். வாசலிலிருந்து கட்டில் வரை உடம்பைச் சரித்துக்கொண்டு போகிற ஒரு பாதை மட்டும்.

மகள் வெறுக்கிறவள் இல்லை, பயந்துபோனவள். மொன்றியாலில் ஒரு சாமத்திய வீடு வந்தது. பெரியம்மாவை மூன்று நாளுக்கு அங்கே அனுப்பிவிட்டு, மருமகனும் நாலு பேரும் சேர்ந்து வீட்டைக் காலி செய்தார்கள். நாற்பத்தாறு கறுப்புப் பைகள். தரையைத் துடைத்து, புதுத் திரைச்சீலை போட்டு, மேசையில் பூச்சாடி வைத்து, "சர்ப்ரைஸ்!"

பெரியம்மா கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றா. கத்தவில்லை. நேரே கீழே குப்பை அறைக்குப் போய்க் கிடந்த பைகளைக் கிளறத் தொடங்கினா. ஏனென்றால் ஃப்ளையர்களுக்கு நடுவில்தான் பெரியப்பாவின் ஆஸ்பத்திரிக் கடிதங்களும், ஊர்க் காணி உறுதியின் பிரதியும், அவவின் குடிவரவுப் பேப்பர்களும் இருந்தன. பாதி லொறியில் போய்விட்டது. அன்று இரவு அவ தூங்கவில்லை. அடுத்த கிழமை பூட்டை மாற்றினா. மகளுக்குச் சாவி இல்லை. எட்டு மாதம் மகள் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, அந்த எட்டு மாதத்தில் வீடு மறுபடி நிரம்பியது. முன்பு படம் ஐந்து என்றால் இப்போது ஏழு.

"நன்றி கெட்டதனம்" என்று உறவுகள் கதைத்தார்கள். நடந்ததைத் துண்டு துண்டாகப் பார்த்தால் அதில் விசித்திரம் ஒன்றுமில்லை.

காணி உறுதி எப்படி ஃப்ளையருக்குள் போனது? நாங்கள் கடிதம் வந்தால் பில் ஓர் இடம், குப்பை ஓர் இடம் என்று யோசிக்காமலே பிரிக்கிறோம். இவர்களுக்கு ஒவ்வொரு தாளும் தனி வகை. அந்த ஃப்ளையரில் ஒரு கூப்பன், இந்தப் பத்திரிகையில் தெரிந்தவரின் மரண அறிவித்தல். எதையும் எதோடும் சேர்க்க முடியாது. கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவேன் என்ற பயமும் உண்டு, ஆகவே முக்கியமானது குவியலின் மேல் வைக்கப்படும். நாளைக்கு இன்னொரு முக்கியமானது அதன் மேல் வரும். வெளியிலிருந்து வருகிற பெடியனுக்கு அது குப்பை. பெரியம்மாவுக்கு எது எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று ஓரளவு தெரியும். பைகளில் அள்ளியபோது அந்த வரைபடமும் போய்விட்டது. அவசரமாக அள்ளுகிறவர்கள் எப்போதும் ஏதோ உண்மையாகவே பெறுமதியான ஒன்றை எறிகிறார்கள். பிறகு "எறிந்தால் ஆபத்து" என்ற அவவின் நம்பிக்கைக்கு நாங்களே சாட்சி கொடுத்தவர்கள் ஆகிறோம்.

அடுத்தது, முடிவெடுக்கிற வலி. 2012இல் டேவிட் டோலினும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்கு நல்ல வெளிச்சம். இந்தக் கோளாறு உள்ளவர்களை வீட்டிலிருந்து தங்கள் பழைய கடிதம், பேப்பர்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரத்துக்குள் படுத்திருக்க ஒவ்வொன்றாகக் காட்டி, வைப்பதா எறிவதா என்று கேட்டார்கள். எறி என்றால் அது உண்மையாகவே கிழிக்கப்படும். இடையிடையே வேறு யாருடையதோ பேப்பர்களும் வந்தன. மற்றவர் பேப்பர் வந்தபோது, முடிவெடுக்கையில் வேலை செய்கிற மூளைப் பகுதிகள் சாதாரண ஆட்களுடையதைவிட மந்தமாக இருந்தன. தங்கள் சொந்தப் பேப்பர் வந்ததும் அதே பகுதிகள் மிதமிஞ்சி எழுந்தன. அதாவது சொந்தமான ஒரு வெறும் கடித உறைகூட, உயிர்போகிற ஒரு முடிவு மாதிரி உள்ளே மணி அடிக்கிறது. "வைப்பம்" என்று சொன்ன கணம் மணி நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி என்று மனசு படிக்கிறது.

இந்தப் பழக்கம் உடைவதற்கு ஒரே வழிதான் தெரிந்திருக்கிறது. அந்த ஆள் தன் கையாலே ஒன்றை எடுத்து, தானே "எறியலாம்" என்று சொல்லி, மணி அடிக்க அடிக்க இருந்து, அரை மணித்தியாலத்தில் அது தானாக அடங்குவதைக் காணவேண்டும். நாற்பத்தாறு பைகளை வேறு ஆட்கள் தூக்கினால் பெரியம்மா ஒரு முடிவும் எடுக்கவில்லை. ஒன்றும் படிக்கவில்லை. வீடு மட்டும் காலி. காலி இடம் அவவுக்குப் பாதுகாப்பில்லாத இடம், அதை நிரப்பத்தான் பார்ப்பா.

இங்கே எங்கட வட்டத்தில் எல்லாரும் சொல்கிற ஒரு விளக்கத்தோடு நான் மோதவேண்டும். "போரில எல்லாத்தையும் இழந்த சனம், அதுதான் சேர்க்குதுகள்." கேட்க வடிவாயிருக்கும், மேடையில் கைதட்டும் கிடைக்கும். ஆய்வுகள் சொல்வது அவ்வளவு நேராக இல்லை. வறுமைக்கும், பொருள் இல்லாமல் வளர்ந்ததற்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. மனசை உலுக்கிய நிகழ்வுகள் இவர்கள் வாழ்க்கையில் கூடுதலாக இருப்பது தெரிகிறது, அவற்றுக்குப் பிறகு நிலைமை மோசமாவதும் உண்டு. ஆனால் அறிகுறிகள் பெரும்பாலும் பதின்ம வயதிலேயே எட்டிப் பார்க்கின்றன, பத்து வருசத்துக்குப் பத்து வருசம் கூடிக்கொண்டு போகின்றன, குடும்பத்தில் ஓடுகின்றன. பெரியம்மாவின் தங்கச்சியிடம் கேட்டபோது சிரித்தா: "பள்ளிக்கூடத்திலயே அக்காவின்ர றங்குப் பெட்டிக்க டொபி சுத்தின பேப்பர் கிடக்கும்." அது இடம்பெயர்வுக்கு முந்தின காலம்.

இதைச் சொல்வது போரைச் சிறிதாக்க இல்லை. இடம்பெயர்வுதான் காரணம் என்று நம்பினால், கதையைக் கேட்டு அழுதால் போதும் என்று நினைப்போம். நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கிற, போர் பார்க்காத நாடுகளிலும் இருக்கிற ஒரு கோளாறுக்கு வேண்டிய உதவியைத் தேடமாட்டோம்.

சரி, சும்மா விட்டுவிடுவதா? இல்லை. 2010 செப்டெம்பரில் டொராண்டோ வெல்லெஸ்லி வீதி கிழக்கில் 200ஆம் இலக்கக் கட்டடத்தில் 24ஆம் மாடி வீடு ஒன்று எரிந்தது. உள்ளே பேப்பரும் புத்தகமும் குவிந்து கிடந்ததால் நெருப்பை அடக்க மணிக்கணக்காகியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் வெளியேறவேண்டி வந்தது. அது சென்ட் ஜேம்ஸ் டவுன், எங்கட ஆக்கள் கனடாவுக்கு வந்த ஆரம்பத்தில் ஒண்டிய இடம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உயிரும் இதில் இருக்கிறது. அதனால்தான் தொடங்கவேண்டிய இடம் அழகு இல்லை, நெருப்பு.

பெரியம்மா வீட்டில் இரண்டாம் தரம் நடந்தது இது. தோழர்தான் நடுவில் நின்றார். மகள் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டாள், "உங்களைக் கேக்காமல் இனி ஒரு பேப்பர் தொடமாட்டன்" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாள். பிறகு நாலே நாலு விசயம் பேசி உடன்பட்டார்கள்: வாசல் கதவு முழுக்கத் திறக்கவேண்டும், அடுப்புக்கு மேலும் பக்கத்திலும் கடதாசி இருக்கக்கூடாது, ஹீட்டரைச் சுற்றி இடம், கட்டிலிலிருந்து வாசலுக்குச் சரியாமல் நடக்கிற பாதை. புகை அலாரம் வேலை செய்யவேண்டும். மற்றதெல்லாம் பிறகு. அடுப்படியில் கிடந்ததை முதலில் எறியக்கூட இல்லை, பெட்டியில் போட்டு மற்ற மூலைக்கு நகர்த்தினார்கள். குவியல் குறையவில்லை, ஆபத்துக் குறைந்தது.

அதற்குப் பிறகு செவ்வாயும் சனியும், ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம். தோழர் பை பிடிப்பார், பெரியம்மா எடுப்பா. ஒவ்வொரு தாளும் அவவின் கையால்தான். எளிதானதில் தொடக்கம்: காலாவதியான ஃப்ளையர்கள். பெரியப்பாவின் கடிதங்கள் கிட்டவும் போகவில்லை. "ஏன் இதை வச்சிருக்கிறீங்கள்" என்று கேட்காமல், "இதை எறிஞ்சால் என்ன நடக்கும் எண்டு நினைக்கிறீங்கள்" என்று கேட்டார். அதோடு, கடைக்குப் போனால் பத்திரிகை ஒன்று மட்டும். உள்ளே வருவதை நிறுத்தாமல் வெளியே எறிவது ஓட்டைப் படகில் தண்ணி இறைக்கிற வேலை.

ஒரு வருசம் கழிந்தது. ஏழு என்றிருந்தது இப்போது ஐந்து. அவ்வளவுதான். முழுக் கட்டிலில் படுக்கிறா, மகள் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போடலாம். இன்ஸ்டாகிராமில் போட ஒரு படமும் இல்லை. மருத்துவத்திலும் கணக்குக் கிட்டத்தட்ட இதுதான். இதற்கென்றே அமைந்த சிந்தனை நடத்தைச் சிகிச்சை 26 அமர்வுகள், ஒரு வருசத்துக்குக் கிட்ட எடுக்கும். நிறையப் பேருக்கு முன்னேற்றம் தெரியும், ஆனால் பலர் சிகிச்சை முடிந்த பிறகும் நோயின் எல்லைக்குள்தான் இருப்பார்கள்.

எங்களுக்கு நல்ல செய்தியும் ஒன்று உண்டு. இதே கோளாறை வாழ்ந்து பார்த்தவர்கள் நடத்துகிற குழுக்கள், ஒரு கைநூலை வைத்துக்கொண்டு கிழமைக்கு ஒரு தரமாக ஏறத்தாழ நாலு மாதம் கூடுகிறவை, உளவியலாளர் நடத்துகிற குழுவுக்குக் குறையாத பலனைக் கொடுத்திருக்கின்றன. வான் ஓட்ட ஆள் இருக்கிற எங்கள் குழுவுக்கு இப்படி ஒரு தமிழ்க் கூட்டத்தை நடத்த ஆள் இல்லையென்று நான் நம்பவில்லை.

கடைசியாக வீட்டுக்காரர் பக்கம், ஏனென்றால் அவசரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஒன்ராரியோவில் இந்த மாதிரி விசயத்துக்கு என்-5 என்ற நோட்டீஸ் கொடுப்பார்கள். முதல் நோட்டீஸ் என்றால் ஏழு நாளுக்குள் சரிசெய்தால் அது செல்லாது. இதைக் கண்டதும்தான் குடும்பங்கள் கறுப்புப் பை வாங்க ஓடுகின்றன. ஆறு மாதத்துக்குள் வீடு மறுபடி நிரம்பினால் இரண்டாவது நோட்டீஸ் வரலாம், அதைச் சரிசெய்து செல்லாமல் ஆக்க முடியாது, நேரே விசாரணைதான். ஏழு நாளில் அள்ளிய வீடு ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன். பதிலாக அந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்கவேண்டும்: இது ஒரு உடல்நலக் குறைபாடு, மனித உரிமைச் சட்டத்தின்படி நியாயமான ஏற்பாடு கேட்கிறோம், கதவு, அடுப்பு, பாதை இந்தத் திகதிக்குள், மற்றது இந்தக் கால அட்டவணையில், மருத்துவர் கடிதம் இணைப்பு. விசாரணை வந்தாலும் இந்தக் கடிதம் கையில் இருந்தால் வெளியேற்றத்தைத் தள்ளிவைக்க, மறுக்கக்கூட, தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. பகுதிச் சட்ட உதவி நிலையத்தில் இந்தக் கடிதத்தைக் காசில்லாமல் எழுதித் தருவார்கள், தமிழ் பேசத் துணைக்கு நாங்கள் போகலாம்.

திகதி குறித்தாயிற்று, வேறு வழியே இல்லை என்ற வீடுகளும் வரும். நெருப்பணைப்பு அதிகாரிகளின் கட்டளை வந்திருக்கும், அல்லது உள்ளே குழந்தை இருக்கும். அப்போது அள்ளத்தான் வேண்டும். அப்படியான நாளிலும் அம்மாவை மொன்றியாலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கதிரை போட்டு இருத்துங்கள். முதல் இரண்டு மணித்தியாலம் ஒரு பையும் வெளியே போகக்கூடாது. ஒரு பெட்டியை அவவின் மடியில் கொடுத்து, கடவுச்சீட்டு, உறுதி, கடிதம், படம் என்று எது போகக்கூடாதோ அதை அவவே காட்டக் காட்ட எடுத்துப் போடுங்கள். பெட்டி நிரம்பினால் இன்னொன்று கொடுங்கள். வான் கீழே நிற்கட்டும்.